டிபன் கடைக்கு இடம் பார்ப்பது: நடக்கிறவர்களை எண்ணுங்கள், பக்கத்துக் கடையைப் படியுங்கள்

டிபன் கடை வைக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் யோசனை, "நல்ல ஜன நடமாட்டம் இருக்கிற இடமா பாரு" என்பதுதான். சொல்வது சரிதான். ஆனால் ஜன நடமாட்டம் என்பதை யாரும் எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை. ஒரு சாயங்காலம் பைக்கில் அந்தப் பக்கம் போகிறோம், கூட்டம் நெரிகிறது, இடம் பிடித்துவிடுகிறது, அடுத்த வாரம் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் காலை எட்டு மணிக்கு அங்கே இருப்பார்கள், இருந்தாலும் எத்தனை பேர் நின்று சாப்பிடுவார்கள் என்பது கடை திறந்த பிறகுதான் தெரியவருகிறது.

இதை முன்கூட்டியே ஓரளவு தெரிந்துகொள்ள முடியும். அதற்கு இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். நம் வாசலைக் கடந்து போகிறவர்களில் நிற்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அப்படி நிற்கக்கூடியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நிஜமாகவே உள்ளே வருவார்கள்? முதல் கேள்விக்கு நோட்டும் பேனாவுமாகத் தெருவில் நிற்க வேண்டும். இரண்டாவதற்குப் பதில் நம்மிடம் இல்லை, பக்கத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கடையிடம் இருக்கிறது. போட்டிக் கடை என்றால் சட்னி எப்படி, சாம்பார் எப்படி என்று ருசி பார்க்கத்தான் பலரும் போகிறார்கள். அதைவிடப் பெரிய உபயோகம் அதற்கு உண்டு: அந்தத் தெருவில் நடக்கிறவர்கள் எந்த அளவுக்குச் சாப்பிட நிற்பார்கள் என்பதை அளந்து காட்டும் கருவி அது.

பொதுவாகச் சொன்னால் புரியாது, ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சி தில்லை நகர். நீளமான மெயின் ரோடு, அதிலிருந்து பிரியும் கிராஸ் தெருக்கள், அந்தத் தெருக்களில் டாக்டர்களின் கிளினிக், ஸ்கேன் சென்டர், ரத்தப் பரிசோதனை லேப், டியூஷன் சென்டர் என்று கலந்து இருக்கும் பகுதி. ஊர் நிஜம். இனி வரும் இரண்டு கடைகளும் அவற்றின் எண்களும் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஒன்று மெயின் ரோட்டில், வாடகை மாதம் 60,000 ரூபாய். இன்னொன்று கிராஸ் தெரு ஒன்றில், லேபுக்கு நாலு கடை தள்ளி, வாடகை 28,000. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

எண்ணும் முன்: ஒரு நாளைக்கு எத்தனை பில் வேண்டும்?

தெருவில் நின்று எண்ணுவதற்கு முன்னால் எந்த எண்ணைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எந்தத் தெருவைப் பார்த்தாலும் "பரவாயில்லையே, நல்லா இருக்கே" என்றுதான் தோன்றும்.

ஒரு டிபன் மாஸ்டர், ஓர் உதவி மாஸ்டர், இரண்டு சப்ளையர், ஒரு கிளீனர், கல்லாவில் முதலாளி. இவ்வளவுதான் ஆள். சம்பளம், கரண்ட், தண்ணீர், சில்லறைப் பழுது எல்லாம் சேர்த்து மாதம் 1,40,000 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வந்தால் சராசரி பில் 80 ரூபாய். அதில் அரிசி, உளுந்து, எண்ணெய், பால், கேஸ், இலை, பார்சல் கவர் எல்லாம் போக 40 ரூபாய் மிஞ்சுகிறது. இந்த 40 ரூபாயில்தான் வாடகையும் சம்பளமும் கட்ட வேண்டும்.

மெயின் ரோட்டுக் கடைக்கு வாடகையோடு சேர்த்து மாதச் செலவு இரண்டு லட்சம். அதை 40-ஆல் வகுத்தால் மாதம் 5,000 பில், நாளைக்கு 167. இது நஷ்டம் இல்லாமல் கதவு திறந்திருக்க மட்டும். வீட்டுச் செலவுக்கு 40,000 எடுக்க வேண்டும் என்றால் இன்னும் ஆயிரம் பில் சேர்ந்து நாளைக்கு 200 ஆகிவிடும். கிராஸ் தெருக் கடைக்குச் செலவு 1,68,000. அங்கே நஷ்டமில்லாத எண் 140, வீட்டுச் செலவோடு 173.

200, 173. இந்த இரண்டு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டுத் தெருவுக்குப் போகலாம்.

நின்று எண்ணுவது

டிபன் சாப்பிடும் நேரம் நாள் முழுக்க இல்லை. காலை ஏழிலிருந்து பத்து வரை ஒரு மும்முரம், இரவு ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை இன்னொன்று. நடுவில் நாலு மணிக்கு வடை, பஜ்ஜி, காபி ஓடும். ஆனால் வாடகை கட்டுவது காலையும் இரவும்தான். அதனால் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தெருவில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் நம் கணக்கில் அது பூஜ்யம். வீட்டு புரோக்கர்கள் கடையைக் காட்டக் கூட்டிப் போகும் நேரம் பெரும்பாலும் பதினோரு மணி அல்லது சாயங்காலம் ஆறு மணி என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

மூன்று மணி நேரமும் விடாமல் எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொரு மணியிலும் ஒரு பதினைந்து நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் போதும். ஆனால் எல்லா மணியிலும் முதல் கால் மணி நேரத்தையே எடுக்கக் கூடாது. பஸ் வரும் நேரம், டியூஷன் விடும் நேரம், லேப் திறக்கும் நேரம் எல்லாம் குறிப்பிட்ட நிமிடங்களில் விழும். ஏழு மணிக்கு முதல் கால், எட்டு மணிக்கு மூன்றாவது கால் என்று மாற்றி மாற்றி எடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் சமமாகும். எண்ண, கோயில் கடைகளில் ஜபம் எண்ணுவதற்கென்று விற்கும் சின்ன விரல் கவுண்டர் ஒன்று போதும். விரலில் மாட்டிக்கொண்டு கையைத் தொங்கவிட்டுப் பட்டனை அழுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நிற்க வேண்டிய இடம் கடையின் வாசல். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நடக்கிறவர்களைச் சேர்க்கக் கூடாது. நடுவில் சென்டர் மீடியன் இருக்கும் ரோட்டில் எதிர்ப்பக்கத்து ஆளும் வேறு ஊர் ஆளும் ஒன்றுதான், ஒரு தோசைக்காக யாரும் சுற்றி வருவதில்லை. இன்னொன்றையும் பாருங்கள். பல ரோடுகளில் காலையில் ஒரு பக்கம் ஜனம் போகும், சாயங்காலம் மறுபக்கம் திரும்பும். காலை வியாபாரத்தை நம்பும் டிபன் கடைக்கு வேலைக்குப் போகும் பக்கம் வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் பக்கம் என்றால் பார்சல் ஓடும், உட்கார்ந்து சாப்பிடுவது குறையும்.

நாள் விஷயத்திலும் கவனம் வேண்டும். முகூர்த்த நாள், பண்டிகைக்கு முந்தின வாரம், அமாவாசை, மழை நாள் இவற்றில் எடுத்த எண் மற்ற நாளுக்குப் பொருந்தாது. புரட்டாசியிலும் கார்த்திகையிலும் சைவக் கடைகளில் கூட்டம் இயல்பாகவே கூடும், அதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. கோடை விடுமுறையில் எண்ணினால் பள்ளி, கல்லூரி, டியூஷன் கூட்டம் கணக்கிலேயே வராது. ஒரு சாதாரணச் செவ்வாய் அல்லது புதன், ஒரு சனி, ஒரு ஞாயிறு. மாத முதல் வாரத்தில் ஒரு முறை, கடைசி வாரத்தில் ஒரு முறை. குறைந்தது இவ்வளவு வேண்டும்.

எல்லாத் தலையும் நம் தலை இல்லை

எண்ணும்போதே இரண்டு கோடாகப் பிரித்து எழுதுங்கள்: மொத்தம் எத்தனை, அதில் நிற்கக்கூடியவர் எத்தனை. யூனிஃபார்ம் போட்ட பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள், கையில் காசும் இருக்காது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் நிற்க மாட்டார். கையில் டிபன் பாக்ஸ் பையோடு வேலைக்குப் போகிறவர் காபிக்கு நிற்கலாம், பொங்கலுக்கு நிற்க மாட்டார். பக்கத்து ஜவுளிக்கடை ஊழியர் டீ குடிக்க மூன்று முறை போய்வருவார், அவரை மூன்று ஆளாக எண்ணிவிடக் கூடாது. போகிற வழியிலும் வருகிற வழியிலும் நம் வாசலைக் கடக்கும் ஆளையும் ஒரு முறைதான் சேர்க்க வேண்டும். முகம் எல்லாம் நினைவில் நிற்காது. அதனால் ஒரே திசையில் போகிறவர்களை மட்டும் எண்ணுவது சுலபமான வழி.

தில்லை நகர் மாதிரிப் பகுதியில் நான் தேடுவது வேறு ஓர் ஆள். காலை ஏழரைக்கு லேபிலிருந்து முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வருகிறவர். சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்திருப்பார். "சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க" என்று லேபில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர் அங்கேயே எங்காவது சாப்பிட்டாக வேண்டும், கூட வந்த மகனோ மனைவியோ சேர்ந்து சாப்பிடுவார்கள், சாப்பிட்ட பிறகும் அந்தத் தெருவை விட்டுப் போக மாட்டார்கள். போகும்போது ஒரு காபியும் உண்டு. மெயின் ரோட்டில் விரைந்து போகும் பத்துப் பேரைவிட இந்த ஒருவர் டிபன் கடைக்கு முக்கியம். கூட்டத்தின் அளவை மட்டும் எண்ணினால் இவர் அந்தப் பத்துக்குள் காணாமல் போய்விடுவார்.

டூவீலரில் போகிறவர்களை நடக்கிறவர்களோடு சேர்த்து எண்ணாதீர்கள். வண்டியில் போகிறவர் நிற்பாரா மாட்டாரா என்பதை முடிவு செய்வது பார்க்கிங். கடை வாசலில் ஆறு வண்டியாவது குறுக்கே நிற்காமல் நிறுத்த முடியுமா, போலீஸ் வந்து எடுக்கச் சொல்லுமா, பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவாரா? இடம் இல்லையென்றால் ஆயிரம் வண்டி போனாலும் பார்சல் வியாபாரம் நடக்காது.

பக்கத்துக் கடை சொல்லும் விகிதம்

இப்போது கையில் ஓர் எண் இருக்கிறது: நிற்கக்கூடியவர்கள் இத்தனை. இதில் நூற்றுக்கு எத்தனை பேர் உள்ளே வருவார்கள்? "சும்மா பத்து பர்சென்ட் வச்சுக்கலாம்" என்று பலர் இந்த இடத்தில் ஒரு எண்ணைக் கற்பனையாகப் போடுவார்கள். அங்கேதான் மொத்தக் கணக்கும் கெட்டுப்போகிறது. தெருவுக்குத் தெரு இந்த விகிதம் மாறும். அதை அளக்கத்தான் போட்டிக் கடை வேண்டும்.

செய்ய வேண்டியது இது. ஒரே தெருவில், அதே மாதிரி ஜனம் போகும் இடத்தில், ஓரளவு நன்றாக ஓடும் கடை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஊரே தேடி வரும் பெயர்பெற்ற கடை வேண்டாம். அதற்கு ஜனம் வருவது தெருவால் அல்ல, பெயரால். அந்தச் சாதாரணக் கடையின் வாசலில் நின்று, மேலே சொன்னபடி நிற்கக்கூடியவர்களை எண்ணுங்கள். அதே நேரத்தில் உள்ளே எத்தனை பேர் போகிறார்கள் என்றும் எண்ணுங்கள். நடந்து வந்தவர் தனி, வண்டியில் வந்து பார்சல் வாங்கியவர் தனி. டெலிவரிக்குக் காத்திருக்கும் ஸ்விகி, சொமேட்டோ பையன்களை எதிலும் சேர்க்காதீர்கள். அவர்கள் தெருவால் வந்தவர்கள் அல்ல.

வாசலில் நின்று எண்ணியது சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பில் மெஷின் வைத்திருக்கும் பல கடைகளில் பில் நம்பர் தினமும் ஒன்றிலிருந்து தொடங்கும், இல்லையென்றால் தொடர்ச்சியாக ஓடும். காலை ஏழு மணிக்கு ஒரு காபி குடித்துப் பில்லை வாங்கிப் பையில் வையுங்கள். பத்து மணிக்கு ஒரு இட்லி சாப்பிட்டு இன்னொரு பில். முதல் பில்லில் 14, இரண்டாவதில் 146 என்றிருந்தால் இடையில் போட்டது 132 பில். வாசலில் நீங்கள் எண்ணியது 130 பக்கம் வந்தால் சரி. பெரிய வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும். பார்சலுக்குத் தனி நம்பர் ஓடலாம், ஒரே பில்லில் நாலு பேர் சாப்பிடலாம், டெலிவரி ஆர்டரும் அதே வரிசையில் வரலாம், சில முதலாளிகள் சில பில்லைப் போடாமலே காசை வாங்கி உள்ளே போடலாம். அதனால் பில் நம்பரை மட்டும் நம்பாமல் கண்ணால் எண்ணியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

உள்ளே உட்கார்ந்திருக்கும்போது இன்னும் சில விஷயம் தெரியும். எட்டே முக்காலுக்கு "பொங்கல் தீர்ந்துபோச்சு சார்" என்று சப்ளையர் சொன்னால், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் இடத்துக்காக ஆள் நின்றால், எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் இருந்தால், அந்தத் தெருவில் இன்னொரு கடைக்கு இடம் இருக்கிறது. எட்டரை மணிக்கு தோசைக்கல் சூடாகக் காத்திருக்க, மாஸ்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் தவறு கடையிலா தெருவிலா என்று பார்க்க வேண்டும். அதற்கு அதே தெருவின் இரண்டாவது கடைக்குப் போங்கள். அதுவும் காலி என்றால் தெரு. அது நிறைந்திருந்தால் முதல் கடையின் சாம்பார்.

போட்டிக் கடைப் பட்டியல் எழுதும்போது ஹோட்டல் போர்டு மாட்டியவற்றை மட்டும் எழுதினால் போதாது. நம் வாசலிலிருந்து ஐந்து நிமிட நடையில் எட்டு மணிக்கு வயிற்றை நிரப்பும் எல்லாமே போட்டிதான். தள்ளுவண்டி இட்லிக் கடை, டீக்கடை வடை, பேக்கரி பன், ஆஸ்பத்திரி கேன்டீன், அம்மா உணவகம் எல்லாம் இதில் வரும். 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். அங்கே போகிறவர் நம்மிடம் 60 ரூபாய்க்குப் பொங்கல் சாப்பிட மாட்டார் என்பது உண்மை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் அப்படி ஒன்று இருந்தால், நோயாளியோடு வந்தவர்களில் ஒரு பகுதியை நம் எண்ணிலிருந்து கழிக்கத்தான் வேண்டும். தள்ளுவண்டிதான் உண்மையில் பெரிய போட்டி. வாடகை இல்லாமல், சூடான இட்லியைப் பாதி விலைக்குக் கொடுக்கும் வண்டியோடு விலையில் மோத முடியாது. உட்கார இடம், கை கழுவ தண்ணீர், நல்ல காபி இவற்றில்தான் மோத முடியும். அது நம் வாடிக்கையாளருக்குத் தேவையா என்பதுதான் கேள்வி. ரத்தம் கொடுத்துவிட்டு வரும் அறுபது வயதுக்காரருக்கு உட்கார நாற்காலி கட்டாயம் வேண்டும். பக்கத்து ஹாஸ்டல் பையனுக்கு வேண்டியதில்லை.

இரண்டு கடைக்கும் கணக்கு

மெயின் ரோட்டுக் கடை. காலை மூன்று மணி நேரத்தில் நம் பக்கத்தில் 1,400 பேர் நடந்தார்கள். யூனிஃபார்ம், ஓட்டக்காரர், டிபன் பாக்ஸ் எல்லாம் கழித்தால் நிற்கக்கூடியவர் 600. அதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி இருக்கும் கடையில் அளந்தபோது, 650 பேர் கடந்ததற்கு நடந்து உள்ளே போனவர்கள் 80. ஏறக்குறைய நூற்றுக்கு 12. அந்தக் கடை பல வருடமாக இருக்கிறது, முகம் பழகியது. புதுக் கடைக்கு முதல் ஆறு மாதம் அதில் பாதி என்று எடுப்பது என் வழக்கம், நூற்றுக்கு 6. அப்படிப் பார்த்தால் காலையில் 36 பில். இரவில் டியூஷன், ஷாப்பிங் என்று நிற்கக்கூடியவர் 900, அதே 6 என்றால் 54. மொத்தம் 90. வண்டி நிறுத்த இடமில்லாததால் பார்சலுக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. பழகிய கடையின் முழு விகிதமான 12-ஐ எட்டினாலும் 180-தான். தேவை 200. அதாவது எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் அந்த வாடகைக்கு அந்த ரோடு கட்டாது. கூட்டம் குறைவு என்பதல்ல காரணம், கூட்டத்துக்கு வைத்த விலை அதிகம்.

கிராஸ் தெருக் கடை. காலையில் கடந்தவர்கள் மொத்தமே 420. பார்த்தால் வெறிச்சென்று இருக்கும் தெரு. ஆனால் அதில் நிற்கக்கூடியவர் 300, ஏனென்றால் பெரும்பாலும் லேபுக்கும் கிளினிக்குக்கும் வந்தவர்கள். அடுத்த கிராஸில் இன்னொரு லேப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கடையில் அளந்தால், 240 பேருக்கு 84 பேர் உள்ளே போகிறார்கள், நூற்றுக்கு 35. பாதி எடுத்தால் 300-க்கு 52 பில், முழுதாக எடுத்தால் 105. இரவில் கிளினிக் கூட்டம் 260, அங்கே விகிதம் 25. பாதிக்கு 32, முழுதுக்கு 65. வாசலில் வண்டி நிறுத்தலாம், அதனால் பார்சல் முதலில் 20, பிறகு 30. ஆக ஆரம்பத்தில் 104, பழகிய பிறகு 200. தேவை 173.

இடம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எடுத்த நோட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். லேப் அரை நாள், கிளினிக் பாதி பூட்டு, தெருவில் பாதிக்கூட்டம்கூட இல்லை. நாலு ஞாயிறும் பாதி வியாபாரம் என்றால் மாதம் 30 நாள் இல்லை, 28 நாள். வீட்டுச் செலவோடு சேர்த்து 5,200 பில்லை 28-ஆல் வகுத்தால் தேவை 186 ஆகிவிடுகிறது. 200-க்கு மிக அருகில். கட்டும், ஆனால் கை நழுவ இடமில்லை. இந்த ஒரு வரியை வைத்தே வாடகையில் மூவாயிரம் குறைக்கச் சொல்லிப் பேசலாம், அல்லது ஞாயிறு காலை மட்டும் திறப்பதா என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம்.

இந்தக் கணக்கு இன்னொரு உண்மையையும் காட்டுகிறது. ஆரம்பத்தில் 104 பில், நஷ்டமில்லாத எண் 140. நாளைக்கு 36 பில் குறைவு, பில்லுக்கு 40 ரூபாய் வீதம் 1,440. மாதத்துக்கு 43,000 கையிலிருந்து போகும், வீட்டுச் செலவு அதற்கு மேல். பில் மெதுவாக ஏறும் என்றாலும் ஆறு மாதத்துக்கு இரண்டரை லட்சம் தனியே எடுத்து வைக்காமல் அந்தக் கடையைத் தொடக் கூடாது. இன்டீரியருக்கு மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டு மூன்றாவது மாதம் பால்காரருக்குக் கடன் சொல்லும் கடைகள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாதவை.

கூட்டம் எதனால் வருகிறது?

எண்ணிய எண் இன்றைக்கு உண்மை. அடுத்த வருடம் உண்மையாக இருக்குமா என்பது கூட்டத்தை உண்டாக்குவது எது என்பதைப் பொறுத்தது. சென்னையில் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. அந்த பஸ்களுக்காக வந்து போன கூட்டமும் கூடவே மாறியது. திருச்சியிலும் 2025-ல் பஞ்சப்பூர் பஸ் முனையம் திறந்த பிறகு வெளியூர் பஸ்கள் அங்கே போக ஆரம்பித்தன. பஸ் ஸ்டாண்ட் ஒட்டிய கடைக்காரர் எவ்வளவு நல்ல சட்னி அரைத்தாலும் பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அதனால் எண்ணி முடித்ததும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். லேப் என்றால் அந்த லேப் வாடகைக் கட்டடத்திலா, சொந்தக் கட்டடத்திலா? ஒரே ஒரு டாக்டருக்காக வரும் கூட்டம் என்றால் அவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? மேம்பாலம், மெட்ரோ, பாதாள சாக்கடை வேலை என்று ரோட்டைத் தோண்டப் போகிறார்களா? வார்டு கவுன்சிலர் ஆபீஸில் கேட்டால் ஓரளவு தெரியும். ஒரே காரணத்தை நம்பியிருக்கும் தெருவைவிட மூன்று காரணங்கள் உள்ள தெரு பாதுகாப்பு. காலை லேப், மாலை டியூஷன், இரவு குடியிருப்பு என்று இருந்தால் ஒன்று போனாலும் கடை நிற்கும்.

இதற்கு முன் அதே கடையில் என்ன இருந்தது என்றும் கேளுங்கள், ஆனால் ஓனரிடம் கேட்காதீர்கள். எதிரே இருக்கும் டீக்கடைக்காரர், பூ விற்கிறவர், பேப்பர் போடுகிறவர் இவர்களுக்குத்தான் தெரியும். பின்சுவரைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் ஓட்டையைச் சுற்றி எண்ணெய்க் கறை இருந்து அதன்மேல் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், அங்கே முன்பே ஒரு ஹோட்டல் ஓடி மூடியிருக்கிறது. இரண்டு மூன்று ஹோட்டல் மாறியிருந்தால் ஏன் என்று தெரியும் வரை அடுத்த அடி வேண்டாம். மாடி வீட்டுக்காரர் புகைக்குப் புகார் கொடுத்தது காரணமாக இருந்தால், உங்களுக்கும் அதே புகார் வரும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

எண்கள் சரியாக வந்த பிறகும் சில விஷயம் கடையையே தடுத்துவிடும். த்ரீ ஃபேஸ் லைன் இருக்கிறதா, கிரைண்டருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் லோடு போதுமா? போர் தண்ணீர் உப்பா? உப்பென்றால் கேன் தண்ணீர்ச் செலவை மாதக் கணக்கில் சேர்க்க வேண்டும். மாவு கழுவிய தண்ணீர் போக வழி இருக்கிறதா? கடை எந்தத் திசை பார்க்கிறது? கிழக்கு பார்த்த கடையில் காலை எட்டு மணி வெயில் நேராக முன் டேபிளில் விழும், தடுப்பு போட ஓனர் சம்மதிக்க வேண்டும். சிம்னியை எந்தப் பக்கம் ஏற்றுவது என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் அக்ரிமென்டில் எழுத வேண்டும்.

அக்ரிமென்ட் பற்றி ஒன்று. பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு வேண்டாம் என்று ஓனர்கள் சொல்வது வழக்கம். அடுப்பு, சிம்னி, டைல்ஸ் என்று லட்சக்கணக்கில் போடும் டிபன் கடைக்குப் பதினொரு மாதம் போதாது. மேலே போட்ட கணக்கில் கடை பழகவே ஆறு மாதம் போய்விடுகிறது. மூன்று வருடமாவது கேளுங்கள், வருடத்துக்கு எவ்வளவு வாடகை ஏறும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அந்தச் செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பத்திரம் எழுதும் வாரத்தில் இன்னொரு புதன்கிழமை காலை அதே வாசலில் நின்று எண்ணுங்கள். முதலில் எடுத்த எண்ணுக்கும் இதற்கும் பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால், காரணம் தெரியும் வரை கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.